பழைய கார் விற்பனை: லாப வித்தியாசத்துக்கு மட்டும் வரி என்றால், பில்லை எப்படிப் போடுவது?

கொங்கு_கணக்கு
வணக்கம்ங்க. கோவையில ஒரு கார் கன்சல்டிங் ஆபீஸுக்கு மாசக் கணக்கு பார்த்துக் கொடுக்கறேன். ஜிஎஸ்டி பதிவு இருக்கு, காம்போசிஷன் கிடையாது. பழைய வண்டிக்கு விற்ற விலைக்கும் வாங்கின விலைக்கும் உள்ள வித்தியாசத்துல மட்டும் 18% கட்டினாப் போதும்னு தெரியும். நடைமுறைலதான் குழப்பம். ஒரு வண்டியோட கணக்கு இது:

சம்பளக்காரர் ஒருத்தர்கிட்ட 4,10,000 ரூபாய்க்கு வாங்கினது. டிங்கரிங், பெயின்ட், ரெண்டு டயர் சேர்த்து 22,000 செலவு. பேசி முடிச்ச விலை 4,75,000. இதுக்கு மேல வரின்னு தனியா வாங்க முடியாது, பார்ட்டி ஒத்துக்க மாட்டாங்க.

வித்தியாசம் 65,000-ஆ, 43,000-ஆ? வரி அதுக்குள்ளயா, மேலயா? பில்லுல என்ன எழுதறது?

பல்லவன்72
சுலபம் நண்பரே. செலவைக் கழித்துக்கொள்ளலாம், அதுவும் வண்டியின் அடக்கம்தானே? 43,000-க்கு 18% போட்டால் 7,740. மாதக் கடைசியில் எல்லா வண்டியையும் கூட்டி, மொத்த விற்பனையிலிருந்து மொத்தக் கொள்முதலைக் கழித்துவிடுங்கள். நட்டத்தில் போன வண்டியும் அதிலேயே சரியாகிவிடும்.

தணிக்கை_மேசை
பல்லவன் சொன்னதில் 18% மட்டும்தான் சரி. மற்ற இரண்டையும் செய்துவிடாதீர்கள்.

முதலில் செலவு. பழைய பொருளுக்கான ஜிஎஸ்டி விதி 32(5) சொல்வது விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம். வாகனங்களுக்கான அறிவிக்கை 8/2018-உம் அதையே சொல்கிறது. வாங்கிய விலை என்பது முந்தைய உரிமையாளருக்குக் கொடுத்த தொகை. பெயின்டருக்கும் டயர் கடைக்கும் கொடுத்தது உங்கள் லாப நட்டக் கணக்கில் செலவாகப் போகும், வாங்கிய விலையில் ஏறாது. ஆகவே வித்தியாசம் 65,000.

அடுத்தது நட்டம். இரண்டிலுமே வித்தியாசம் எதிர்மறையாக வந்தால் "புறக்கணிக்க வேண்டும்" என்றுதான் இருக்கிறது. புறக்கணிப்பது என்றால் அந்த வண்டிக்கு வரி பூஜ்யம், அவ்வளவுதான். அந்த நட்டத்தைத் தூக்கி அடுத்த வண்டியின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு மாதத்தில் மூன்று வண்டிகள் என்று வையுங்கள். ஒன்றில் 65,000 லாபம், ஒன்றில் 30,000 நட்டம், ஒன்றில் 20,000 லாபம். மொத்தமாகக் கூட்டினால் 55,000 வரும். சட்டப்படி எடுக்க வேண்டியது 85,000. விலைக்குள் வரி அடங்கியது என்று வைத்து 118-இல் 18 பங்கு எடுத்தால் 8,390-க்குப் பதில் 12,966 கட்ட வேண்டும். மாதம் 4,576 குறைவு, அதற்கு வட்டி, அதன் மேல் அபராதம். தணிக்கைக்கு வருகிறவர் வண்டிவாரியான பட்டியலைக் கேட்ட முதல் நாளே இது வெளியே வந்துவிடும்.

பல்லவன்72
இங்கிலாந்தில் மொத்தமாகக் கணக்குப் போடலாம் என்று படித்த ஞாபகம்.

தணிக்கை_மேசை
அங்கே உண்டு. வாங்கிய விலை 500 பவுண்டு வரை உள்ள சின்னப் பொருள்களுக்கு மட்டும். அங்கேயே மோட்டார் வாகனங்களை அதில் சேர்க்க முடியாது. நம் விதியில் அப்படி ஒரு வழியே எழுதப்படவில்லை.

செட்டிநாடு_வாசகர்
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான். சொந்த உபயோகத்துக்கு 18 லட்சத்துக்கு வாங்கிய காரை 13 லட்சத்துக்குக் கொடுத்தேன். வித்தியாசம் 5 லட்சம். அதற்கு 18% என்றால் 90,000 கட்ட வேண்டுமா? 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் முடிந்ததும் வாட்ஸப்பில் இப்படித்தான் வந்தது.

தணிக்கை_மேசை
ஒரு ரூபாய்கூட வேண்டாம் ஐயா. அந்தச் செய்தி கணக்கையே தலைகீழாகப் போட்டது. வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றால்தான் வித்தியாசம். நீங்கள் குறைத்து விற்றிருக்கிறீர்கள். அது இருக்கட்டும், நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனிநபர். 15 லட்சத்துக்கு வாங்கி 16 லட்சத்துக்கே விற்றிருந்தாலும் உங்களுக்கு இந்த வரி கிடையாது.

அந்தக் கூட்டம் மாற்றியது விகிதத்தை மட்டும். முன்பு 1200 சிசி-யும் 4 மீட்டர் நீளமும் எட்டிய பெட்ரோல் கார், 1500 சிசி-யும் அதே நீளமும் எட்டிய டீசல் கார், பெரிய எஸ்யூவி, இவற்றுக்கு 18%, மற்றவற்றுக்கு 12% என்று இருந்தது. 2025 ஜனவரி 16-ஆம் தேதி வந்த அறிவிக்கை 04/2025 எல்லாவற்றையும் 18% ஆக்கியது, மின்சாரக் கார் உட்பட. எதன் மேல் வரி என்பது மாறவில்லை.

சேலம்_ரிட்டர்ன்
கோவைக்காரர் கேட்ட முக்கியமான கேள்வி பாக்கி இருக்கிறது, வரி உள்ளேயா மேலேயா என்பது. நான் பார்த்த தணிக்கைக் குறிப்புகளில் அதிகாரிகள் 65,000 × 18% = 11,700 என்றுதான் போடுகிறார்கள். அவர்கள் வாதம் இது: விதி 32(5)-இன்படி அந்த வித்தியாசமே "மதிப்பு". மதிப்பின் மேல்தான் வரி, மதிப்புக்குள் இல்லை. அதனால் வாடிக்கையாளரிடம் 4,86,700 வாங்கியிருக்க வேண்டும், வாங்காதது உங்கள் பாடு என்கிறார்கள்.

தணிக்கை_மேசை
அவர்கள் வாதத்தையே எடுத்துக்கொண்டாலும், பில்லை ஒழுங்காகப் பிரித்து எழுதியிருந்தால் 11,700 வராது. போட்டுப் பார்ப்போம்.

வாடிக்கையாளர் கையை விட்டுப் போவது மொத்தம் 4,75,000. அதற்குள் வண்டியின் விலையும் இருக்கிறது, வரியும் இருக்கிறது. வரி நீங்கலான விற்பனை விலையிலிருந்து 4,10,000-ஐக் கழித்தால் மதிப்பு. அந்த மதிப்பில் 18% வரி. விலையும் வரியும் கூடினால் 4,75,000 ஆக வேண்டும். இதைத் தீர்த்தால் கிடைப்பது:

```
வரி     = (மொத்தத் தொகை − வாங்கிய விலை) × 18 ÷ 118
        = 65,000 × 18 ÷ 118 = 9,915.25
மதிப்பு = 65,000 − 9,915.25 = 55,084.75
```

ஆகவே பில்லில் வண்டி விலை 4,65,084.75 என்று முதல் வரிசை. அதன் கீழே வரிக்குரிய மதிப்பு 55,084.75. மத்திய வரி, மாநில வரி இரண்டும் சேர்ந்து 9,915.25. மொத்தம் 4,75,000. இப்படி எழுதிய பில்லில், அதிகாரியின் வாசிப்பிலும் வித்தியாசம் 55,084.75-தான், வரியும் அதேதான். விலைக்குள் வரி அடங்கியிருந்தால் 118-ஆல் வகுத்துப் பிரிக்க வேண்டும் என்று விதி 35-உம் சொல்கிறது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பெரும்பாலான கன்சல்டிங் ஆபீஸ்களில் பில்லில் "வாகன விலை 4,75,000" என்று ஒரே தொகையாக எழுதிவிட்டு, வரியைப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். வரி உள்ளடங்கியது என்ற வார்த்தைகூட இருப்பதில்லை. அப்போது அதிகாரி 4,75,000-ஐ வரி நீங்கலான விலையாக எடுத்துக்கொள்வதைத் தடுக்கக் கையில் காகிதம் இல்லை. சேலம் நண்பர் பார்த்த குறிப்புகளில் பல இந்த வகையாக இருக்கும் என்பது என் எண்ணம்.

சேலம்_ரிட்டர்ன்
ஒத்துக்கொள்கிறேன், இரண்டு வழக்குகளில் பில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நீங்கள் சொல்கிறபடி எழுதினால் வண்டி வாங்குகிறவர் 55,084 என்ற எண்ணைப் பார்க்கிறார். நம் லாபம் அவருக்குத் தெரிந்துபோகிறது. உடனே பேரம். ஐரோப்பாவில் இந்தத் திட்டத்தில் பில்லில் வரியைத் தனியாகக் காட்டவே கூடாது. இங்கே அந்த வசதி இல்லை.

கொங்கு_கணக்கு
எங்க ஓனர் பயப்படறதும் அதுக்குத்தாங்க. ரெண்டு பில் போடலாமா, பார்ட்டிக்கு ஒண்ணு, ஃபைலுக்கு ஒண்ணு?

தணிக்கை_மேசை
வேண்டவே வேண்டாம். ஒரே எண்ணில் இரண்டு உள்ளடக்கம் உள்ள பில் என்பது வரிக் குறைவை விடப் பெரிய குற்றம். ஆர்டர் ஃபார்ம் கையெழுத்தாகும்போதே "மொத்த விலை 4,75,000, ஜிஎஸ்டி உட்பட" என்று எழுதி வாங்குங்கள். பேரம் அங்கேயே முடிந்துவிடும். டெலிவரியின்போது பில்லைக் கொடுங்கள். அதற்குப் பிறகும் கேட்கிறவர்கள் இருப்பார்கள்தான். 22,000 செலவு அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம், அது உண்மையும்கூட.

ரிச்சி_செல்
கார் இல்லாம வேற பொருளுக்கும் இது உண்டா சார்? சென்னை ரிச்சி தெருவுல பழைய செல் கடை. 9,000-க்கு எடுத்து, டிஸ்ப்ளே, பேட்டரி 2,200-க்கு மாத்தி 13,500-க்குப் போகுது. இதுல டிஸ்ப்ளே மாத்தினதால "பழைய பொருள்"ங்கறது போயிடுமா?

தணிக்கை_மேசை
உண்டு. அறிவிக்கை 8/2018 வாகனத்துக்கு மட்டும், விதி 32(5) பழைய பொருள் வாங்கி விற்கும் எல்லாருக்கும். பொருளின் தன்மை மாறாத சிறு வேலைகளை அந்த விதியே அனுமதிக்கிறது. டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றினாலும் அது அதே ஐஎம்இஐ எண் கொண்ட அதே போன். இரண்டு செத்த போன்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் நிலைமை வேறு, அங்கே வாங்கிய பொருளும் விற்ற பொருளும் ஒன்றில்லை. பழைய நகையை உருக்காமல், மெருகேற்றி மட்டும் விற்றால் இந்த முறை பொருந்தும் என்று கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் 2021-இல் சொன்னதும் இதே அளவுகோலில்தான்.

உங்கள் போனுக்கு வித்தியாசம் 4,500, வரி 686. ஆனால் உங்கள் தொழிலில் விழும் இடம் வேறு. அந்த 9,000-ஐ யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு என்ன இருக்கிறது?

ரிச்சி_செல்
ஒரு நோட்டுல எழுதறோம். பேரு, போன் நம்பர். காசாத்தான் தருவோம்.

தணிக்கை_மேசை
வாங்கிய விலை நிரூபணமாகவில்லை என்றால் கழிப்பதற்கு எதுவும் இல்லை. 13,500 முழுவதுக்கும் வரி கேட்பார்கள், விலைக்குள் என்று வைத்தாலே 2,059. ஒவ்வொரு போனுக்கும் வரிசை எண் போட்ட கொள்முதல் சீட்டு வேண்டும். அதில் ஐஎம்இஐ, விற்றவர் கையெழுத்து, அடையாள அட்டை நகல், தொகை. முடிந்தவரை யுபிஐ. விற்பனை பில்லிலும் அதே ஐஎம்இஐ. இந்த இரண்டு காகிதமும் ஒன்றையொன்று காட்டினால் போதும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பதிவில்லாத ஆளிடம் வாங்குகிறோமே, விற்றவருக்குப் பதில் நாமே கட்டும் தலைகீழ் வரி கட்ட வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். இந்த முறையில் வரி கட்டும் வியாபாரிக்கு அறிவிக்கை 10/2017 அதிலிருந்து விலக்குத் தருகிறது.

காரிலும் இதே கதைதான். ஆர்சி நகல், உரிமை மாற்றும் படிவம் 29, 30, வங்கி வழிப் பணம். கடன் பாக்கியிருந்த வண்டி என்றால் பைனான்சுக்கு நேரடியாகக் கட்டிய தொகையும் வாங்கிய விலையில் சேரும். அதற்கு வங்கி ரசீதை ஃபைலில் வைக்க வேண்டும். உரிமையாளருக்குக் கொடுத்த மிச்சத்தை மட்டும் கொள்முதலாக எழுதிவிட்டு, வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்று திகைக்கிறவர்கள் உண்டு.

ரிச்சி_செல்
அப்ப அந்த டிஸ்ப்ளே வாங்கின பில்லுல கட்டின வரியை இன்புட்டா எடுத்து நம்ம வரில கழிச்சுக்கலாமா?

சேலம்_ரிட்டர்ன்
எடுக்கலாம். "அந்தப் பொருளை வாங்கியதன் மேல்" இன்புட் எடுக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. அந்தப் பொருள் போன். டிஸ்ப்ளே வேறு பொருள்.

தணிக்கை_மேசை
சொற்களைப் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் நேரான பொருள். கடை வாடகை, விளம்பரம் இவற்றுக்கு நானும் தயங்க மாட்டேன். போனுக்குள்ளேயே போய் உட்காரும் உறுப்புக்கு மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. அந்த டிஸ்ப்ளேயும் விற்ற பொருளின் பகுதியாகிவிட்டதே என்று கேட்டால் வாதாட வேண்டியிருக்கும், தோற்றால் போவது டிஸ்ப்ளேயின் இன்புட் மட்டுமல்ல, வித்தியாசத்துக்கு மட்டும் வரி என்ற சலுகையும்தான். எடுப்பதானால் மொத்தத் தொகை அந்த ஆபத்துக்குத் தகுமா என்று பார்த்து எடுங்கள்.

சேலம்_ரிட்டர்ன்
இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. சட்டம் கொடுத்ததைப் பயத்தால் விடக் கூடாது என்பது என் பக்கம்.

கொங்கு_கணக்கு
இன்புட் பேச்சு வந்ததால கேக்கறேங்க. போன மாசம் ஒரு கம்பெனிகிட்ட வண்டி எடுத்தோம். அவங்க ஜிஎஸ்டி பில்லே குடுத்தாங்க. விலை 6,50,000, வரி 5,400 மட்டும். 6,50,000-க்கு எப்படி 5,400 வந்துச்சுன்னே புரியல. 7,00,000-க்கு வித்தாச்சு.

தணிக்கை_மேசை
அவர்கள் வருமான வரியில் தேய்மானம் எடுத்த வண்டி அது. அப்படிப்பட்ட வண்டிக்கு வாங்கிய விலையைக் கழிப்பதில்லை, விற்ற நாளில் தேய்மானம் போக மிச்சமிருக்கும் மதிப்பைக் கழிக்க வேண்டும். 5,400 வரியென்றால் வித்தியாசம் 30,000, அதாவது அவர்கள் புத்தகத்தில் மிச்ச மதிப்பு 6,20,000. அவர்கள் கணக்கு சரிதான்.

இப்போது நீங்கள் உடனே பார்க்க வேண்டியது ஒன்று. அந்த 5,400-ஐ உங்கள் ரிட்டர்னில் இன்புட்டாக எடுத்துவிட்டீர்களா?

கொங்கு_கணக்கு
போர்ட்டல் தானா தர்ற இன்புட் பட்டியல் GSTR-2B-ல வந்ததை அப்படியே மாச ரிட்டர்ன் 3B-க்கு விட்டுடுவேன்...

தணிக்கை_மேசை
அங்கேதான் இந்தத் திட்டத்தின் மிக விலையுயர்ந்த தவறு நடக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

இன்புட் எடுக்காமல் இருந்தால் நீங்கள் கொடுத்தது 6,55,400. அந்த 5,400 வண்டியின் விலையோடு போய்விடும். வித்தியாசம் 44,600, உள்ளடங்கிய வரி 6,803. இன்புட் எடுத்துவிட்டால் வித்தியாசத்துக்கு வரி என்ற தகுதியே போகிறது. 7,00,000 முழுவதுக்கும் வரி, 18% என்றே வைத்து 118-ஆல் வகுத்தாலும் 1,06,780. ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு ஆசைப்படாமலேயே, மென்பொருள் தானாக நிரப்பியதால் ஒரு லட்சம் போகிறது.

செய்ய வேண்டியது: வந்த பில்களை ஏற்கவோ நிராகரிக்கவோ போர்ட்டலில் உள்ள IMS-இல் அந்தப் பில்லை நிராகரிக்காதீர்கள், அது உண்மையான பில். அது 3B-யில் இன்புட் வரிசையான 4(A)(5)-இல் தானாக வரட்டும். அதே மாதத்திலேயே இன்புட்டைத் திருப்பும் வரிசையான 4(B)(1)-இல் முழுவதையும் திருப்பிவிடுங்கள். 2022 ஜூலையில் வந்த சுற்றறிக்கை 170 காட்டும் முறையும் இதுதான். கொள்முதல் லெட்ஜரில் இந்த மாதிரிப் பில்களுக்குத் தனித் தலைப்பு வைத்தால் மாதாமாதம் தேட வேண்டியதில்லை.

கொங்கு_கணக்கு
3B போன வாரமே போட்டாச்சுங்க. திருப்பல. அடுத்த மாசம் திருப்பினா ஏத்துக்குவாங்களா?

சேலம்_ரிட்டர்ன்
திருப்பிய வரவு எடுக்காத வரவுக்குச் சமம் என்று சந்திரபூர் மேக்னெட் வயர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கலால் காலத்துத் தீர்ப்பு. இன்றும் அதைத்தான் எல்லாரும் காட்டுகிறார்கள். அடுத்த 3B-யில் உடனே திருப்புங்கள். அந்த 5,400-ஐ வேறு வரி கட்டப் பயன்படுத்தியிருந்தால் வட்டியையும் சேர்த்துக் கட்டுங்கள்.

தணிக்கை_மேசை
நானும் அதையே செய்வேன். ஆனால் வண்டியை விற்ற தேதிக்குப் பிறகு திருப்புவதை இந்த விதியின் கீழ் ஏற்பார்களா என்பதை உறுதியென்று சொல்லிவிட முடியாது. அறிவிக்கையில் இருக்கும் சொல் "எடுத்திருந்தால்" என்பது. எப்படிக் கவனித்தீர்கள், எப்போது திருப்பினீர்கள் என்று ஒரு கடிதம் எழுதி ஃபைலில் வையுங்கள். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே திருப்பியதாக இருக்க வேண்டும், அதுதான் வலு.

பல்லவன்72
விற்பனை ரிட்டர்னான GSTR-1 பற்றி யாரும் சொல்லவில்லையே. மதிப்பு 55,085 போட்டுவிட்டு, மீதி 4,10,000-ஐ விலக்குப் பெற்ற விற்பனை அட்டவணையில் போட்டால் புத்தகத்தோடு ஒத்துப்போகும். நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

சேலம்_ரிட்டர்ன்
அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த 4,10,000 விலக்குப் பெற்ற விற்பனை இல்லை, மதிப்பில் சேராத தொகை. விலக்கு என்று நீங்களே எழுதிக்கொடுத்தால் விதி 42 வந்து நிற்கும். வாடகை, ஆடிட்டர் கட்டணம், விளம்பரம் இவற்றில் எடுத்த இன்புட்டை விற்பனை விகிதப்படி திருப்பக் கேட்பார்கள். இந்த ஒரு வண்டியின் எண்களில் பார்த்தால் விலக்குப் பங்கு 88%. பொது இன்புட்டில் 100-க்கு 88 போய்விடும்.

மதிப்பை மட்டும் GSTR-1-இல் காட்டுங்கள். புத்தக விற்பனை கோடிக்கணக்கிலும் ரிட்டர்ன் லட்சக்கணக்கிலும் இருக்கும், அதற்காக நோட்டீஸ் வரவும் வரும். பதில் உங்கள் வண்டிவாரிப் பதிவேடு. ஆர்சி எண், வாங்கிய தேதி, வாங்கிய தொகை, விற்ற தேதி, விற்ற தொகை, வித்தியாசம், வரி. புத்தகத்தையும் ஆண்டு ரிட்டர்னையும் ஒப்பிட்டுக் காட்டும் 9C போடுகிற அளவு வியாபாரம் என்றால் பிரிவு 15 மதிப்பீட்டுக்கான சரிக்கட்டல் வரிசை, 5M, இதற்காகவே இருக்கிறது.

பல்லவன்72
விதி 42-ஐ நான் நினைக்கவில்லை. என்னிடம் இருக்கும் ஒரு கிளையன்டின் ரிட்டர்ன்களைத் திருத்த வேண்டும்.

ரிச்சி_செல்
கடைசியா ஒண்ணு. பக்கத்து கடைக்காரர் பதிவே பண்ணல. வித்தியாசத்தைக் கூட்டினா வருஷம் 12 லட்சம்தான், பதிவு வரம்பான 40 லட்சம் தாண்டலைங்கறார். மொத்த விற்பனை 60 லட்சம் இருக்கும்.

சேலம்_ரிட்டர்ன்
அந்த வரம்புக்கு விற்பனையைக் கணக்கிடும் பிரிவு 2(6) கூட்டச் சொல்வது சப்ளைகளின் மதிப்பை. மதிப்பு என்பது விதி 32(5)-இல் வித்தியாசம். அவர் சொல்வதற்கு இடம் இருக்கிறது.

தணிக்கை_மேசை
இடம் இருக்கிறது, பாதுகாப்பு இல்லை. விதி 32(5)-ஐப் பயன்படுத்த அவர் முதலில் கொள்முதல் சீட்டுகளைக் காட்ட வேண்டும். பதிவே இல்லாத கடையில் அந்தச் சீட்டுகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் 60 லட்சமும் மதிப்பாகும், பதிவு செய்யாத காலம் முழுவதுக்கும். என்னைக் கேட்டால் முழு விற்பனை 40 லட்சத்தைத் தொடும்போதே பதிவு செய்யச் சொல்வேன். சேலம் நண்பர் இதை ஏற்க மாட்டார் என்று தெரியும்.

சேலம்_ரிட்டர்ன்
சீட்டு இருக்கிற கடைக்காரருக்கு ஏற்க மாட்டேன். இல்லாதவருக்கு உங்கள் பேச்சுதான் சரி.

கொங்கு_கணக்கு
ஏப்ரல்ல இருந்து எல்லா வண்டியும் பார்த்துட்டேங்க. கம்பெனி பில்லோட வந்தது நாலு. மூணுல இன்புட் தானா ஏறியிருக்கு. அதுல ரெண்டு வண்டி இன்னும் யார்டுலதான் நிக்குது, விக்கலை. அது ரெண்டையும் இந்த மாசமே 4(B)(1)-ல திருப்பிட்டு அப்புறம்தான் பில் போடச் சொல்லியிருக்கேன். வித்துப்போன 7,00,000 வண்டிக்கு வட்டி கணக்குப் போட்டுட்டு இருக்கேன், லெட்டரும் எழுதறேன்.